படத்தில் மோதிரத்தைப் பிடித்த கம்பியை எடுக்கலாம். கல்லுக்குள் தெரியும் கம்பியை எப்படி எடுப்பது?

தர்மபுரியில் நாங்கள் நடத்துவது கல்யாண ஆல்பம் போடும் சின்ன ஸ்டுடியோ. ஆடி வந்தால் வேலை படுத்துவிடும். அப்படி ஒரு ஆடியில், கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு நகைக்கடையில் 22 மோதிரங்களைப் படமெடுத்துத் தரச் சொன்னார்கள். வெள்ளைப் பின்னணியில் மோதிரம் எதன் மேலும் சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றார்கள். ஒரு மோதிரத்துக்கு 150 ரூபாய். கிளிப்பில் பிடித்து எடுத்துவிட்டு அப்புறம் கணினியில் கிளிப்பை அழித்துவிட்டால் போயிற்று என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கிளிப்பை அழிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. பிறகு பார்த்தால் அதே கிளிப் கல்லுக்குள் நாலு துண்டாக நிற்கிறது. குளோன் கருவியால் தேய்த்துத் தேய்த்து விடிய விடிய அதையும் எடுத்தேன். மறுநாள் கடையில் இருந்த பத்தர் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, மோதிரம் நம்முதுதான். கல்லு நம்முது இல்லீங்களே” என்றார். அவர் சொன்னது சரி. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் இரண்டு ஒரே அச்சாக இருந்தன. கல்லைக் கவ்வும் தங்க நகத்தின் பிம்பம் ஒன்று காணாமலே போயிருந்தது. 22 மோதிரங்களையும் மறுபடி எடுத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அந்த இரண்டாவது சுற்று இல்லாமல் முடிப்பதற்காக எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் GIMP. Photoshop வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான், பட்டன்கள்தான் இடம் மாறும்.

1. கையில் வாங்கும் முன் சீட்டு எழுதுங்கள்

இதைப் படமெடுக்கும் வேலை இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு பிரதி எழுதுங்கள்: ஒவ்வொரு மோதிரத்தின் எடை, கல் எண்ணிக்கை, ஆடும் கல் ஏதாவது இருக்கிறதா, ஹால்மார்க் எண். கடைத் தராசில் அவர்கள் முன்னாலேயே எடை போட்டு, திருப்பிக் கொடுக்கும்போது அதே தராசில் மறுபடி போட வேண்டும். மோதிரத்தை நிறுத்த நாம் ஒட்டிய மெழுகு கொஞ்சம் தங்கியிருந்தாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

ஹால்மார்க் எண்ணைக் குறித்துக்கொள்வதில் இன்னொரு பயனும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையை ஆறு எழுத்து கொண்ட HUID எண் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. மோதிரத்தில் அது பெரும்பாலும் வளையத்தின் உள்பக்கம், BIS முத்திரைக்கும் 22K916 போன்ற தரக் குறிக்கும் பக்கத்தில் பொறித்திருக்கும். நாம் கிளிப் போடுவதும் அங்கேதான், பிறகு அழித்துத் துடைப்பதும் அங்கேதான். எந்த இடத்தில் எழுத்து இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் கிளிப்பை அங்கிருந்து தள்ளிப் போடலாம்.

நகையைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவதை நான் விட்டுவிட்டேன். கடை மாடியிலேயே ஒரு மேசை போதும். சாமான் ஒரு பையில் அடங்கிவிடும்.

2. கல்லின் பின்பக்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

மோதிரத்தைத் திருப்பிக் கல்லின் அடியைப் பாருங்கள். அடி தங்கத் தகட்டால் மூடியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழைய பாணிக் கெம்பு மோதிரங்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். பின்னால் எந்தக் கம்பி இருந்தாலும் கல்லுக்குள் தெரியாது. வளையத்தில் விழும் பிம்பத்தை மட்டும் சரிசெய்தால் போதும், அடுத்து வரும் பாதி வேலை உங்களுக்கு இல்லை.

அடி திறந்து, நகங்கள் மட்டும் கல்லைக் கவ்வியிருந்தால் கல் ஒரு ஜன்னல் மாதிரி. அடியில் உள்ளதைக் காட்டும். எவ்வளவு காட்டும் என்பது கல்லைப் பொறுத்தது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. நன்றாகப் பட்டை தீட்டிய வைரத்தை நேர் மேலிருந்து பார்த்தால், உள்ளே போன ஒளி அடிப்பட்டைகளில் மோதி மேலேயே திரும்பிவிடும், அடியில் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. மாணிக்கத்துக்கு அந்த எண் 1.77 அளவுதான், அது அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கன் டைமண்ட் இரண்டுக்கும் நடுவில்.

நிமிர்ந்து நிற்கும் மோதிரத்தை முன்னாலிருந்து எடுக்கும்போது கேமரா கல்லைச் சாய்வாகத்தான் பார்க்கிறது. சாய்வாகப் பார்த்தால் வைரமும் காட்டிக்கொடுத்துவிடும். என் 22 மோதிரங்களிலும் சிக்கல் வந்தது இந்தக் கோணத்தால்தான்.

3. பிடிக்கும் இடம்

கல்லுக்கு நேர் எதிரே, வளையத்தின் அடியில், பின்பக்கமிருந்து பிடியுங்கள். நூலில் தொங்கவிடாதீர்கள், அது ஆடுவது நிற்கவே நிற்காது. 22 காரட் தங்கம் மெத்தென்றிருக்கும் என்பதால் கிளிப்பின் பல் பட்டால் கீறல் விழும். பல்லின் மேல் வெள்ளை மாஸ்கிங் டேப் சுற்றுங்கள். கம்பி முழுவதும் சுற்றினால் இன்னும் நல்லது. பளபளக்கும் ஸ்டீல் கம்பி தங்கத்தில் கறுப்பு வெள்ளைக் கோடாக விழும். மங்கலான வெள்ளை டேப்பின் பிம்பம் வெள்ளைப் பின்னணியின் பிம்பத்தோடு பெரும்பாலும் கலந்துவிடும். இந்த டேப் எனக்கு மோதிரத்துக்கு அரைமணி நேரம் மிச்சப்படுத்தியது.

மெழுகு வைத்தால் வளையத்தின் அடியில் மட்டும் வையுங்கள். கல்லின் அடியில் மெழுகோ விரல் எண்ணெயோ பட்டால், பட்ட இடத்தில் ஒளி திரும்பி வராமல் வெளியே கசிந்துவிடும். கல் அந்த இடத்தில் செத்துப்போனது போல மங்கிவிடும். பிறகு அதைக் கணினியில் உயிர்ப்பிக்க முடியாது, கழுவிவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

4. ஒரு மோதிரத்துக்கு நான்கு படம்

முதல் தடவை நான் ஒரே படம் எடுத்தேன். கல்லுக்குள் கம்பி மறைத்த பட்டையில் உண்மையில் என்ன தெரிந்திருக்கும் என்று அந்தப் படத்தில் எங்கேயும் தகவல் இல்லை. இல்லாததைக் கையால் வரைந்தேன், பத்தர் கண்டுபிடித்துவிட்டார். இப்போது நான்கு படம் எடுக்கிறேன்.

கேமராவில் எல்லாமே கைமுறையில் இருக்கட்டும்: ஒளி அளவு, வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றும். முக்காலியைத் தொடாமல் இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். மாடியில் யாராவது நடந்தால் பலகைத் தரை அதிரும், அவர்கள் போகும்வரை காத்திருங்கள்.

முதல் படம் மூலப்படம்: கிளிப்பில் மோதிரம், உங்கள் விளக்கு, தங்கத்துக்கு உருட்சி கொடுக்க நீங்கள் வைக்கும் கறுப்பு அட்டைகள், எல்லாம் நீங்கள் விரும்பியபடி.

இரண்டாவது படம் கல்லுக்காக. மோதிரத்தையும் கிளிப்பையும் தொடக் கூடாது. விசிட்டிங் கார்டு தடிமனில் வெள்ளை அட்டையை விரலகலத்துக்கு வெட்டி, பின்னாலிருந்து விரல் நுழையும் துளைக்குள் நீட்டி, கல்லுக்கும் கிளிப்புக்கும் நடுவில் நிறுத்துங்கள். அட்டை மோதிரத்தில் பட்டுவிடக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு சின்ன ஸ்டாண்டு வைத்துக்கொள்வது நல்லது, கையில் பிடித்தால் கையின் பிம்பமும் விழும். இப்போது கல் கீழே பார்ப்பது கிளிப்பை அல்ல, வெறும் வெள்ளையை. அட்டை படத்தில் அசிங்கமாகக் குறுக்கே தெரியும், தெரியட்டும். இந்தப் படத்திலிருந்து கல்லின் சில பட்டைகள் மட்டும்தான் நமக்கு வேண்டும்.

மூன்றாவது படம் வளையத்துக்காக. அட்டையை எடுத்துவிட்டு, கிளிப் பிடித்திருந்த இடத்திலிருந்து நாலைந்து மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, மோதிரத்தை முடிந்தவரை பழைய நிலையில் நிறுத்துங்கள். மயிரிழை பிசகாமல் அமையாது. முன்பு கிளிப் மறைத்த தங்கம் இப்போது தெரிந்தால் போதும்.

நான்காவது படம் மோதிரமும் கிளிப்பும் இல்லாத வெறும் பின்னணி. மறந்துவிடுவோம் என்பதால் நான் இதை முதலிலேயே எடுத்துவிடுகிறேன்.

கை பழகிய பிறகு நான்கு படத்துக்கும் சேர்த்து ஆறேழு நிமிடம்தான்.

5. அடுக்கி, அசைந்ததா என்று சோதியுங்கள்

நான்கையும் RAW மாற்றும்போது ஒரே அமைப்பில் மாற்றுங்கள். ஒன்றில் வெளிச்சம் கூட்டி இன்னொன்றில் கூட்டாமல் விட்டால் பிறகு ஒட்டிய இடம் திட்டாகத் தெரியும். GIMP-இல் File > Open as Layers கொடுத்து, மூலப்படம் கீழேயும் மற்றவை மேலேயும் வருமாறு அடுக்குங்கள்.

மூன்றாவது, நான்காவது படங்களின் லேயரை மறைத்துவிட்டு, இரண்டாவது படத்தின் லேயர் முறையை Difference ஆக்குங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி உள்ள இடம் கறுப்பாகும், மாறிய இடம் மட்டும் ஒளிரும். அட்டையும் கல்லின் சில பட்டைகளும் வளையத்தின் உள்பக்கமும் ஒளிர வேண்டும். மோதிரத்தின் வெளி விளிம்பு முழுக்க மெல்லிய கோடாக ஒளிர்ந்தால் மோதிரம் அசைந்திருக்கிறது. ஒன்றிரண்டு பிக்சல் என்றால் லேயரை அம்புக்குறி விசையால் நகர்த்தி, கோடு மறையும் இடத்தில் நிறுத்தலாம். கோடு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் மோதிரம் சுழன்றிருக்கிறது. அதோடு மல்லுக்கட்டாதீர்கள், அந்தப் படத்தை மறுபடி எடுங்கள். இதனால்தான் சோதனையை வீட்டுக்கு வந்து செய்யாமல் கடையிலேயே மடிக்கணினியில் செய்யச் சொல்கிறேன்.

6. வெளியே தெரியும் கிளிப்பும் வளையமும்

மோதிரத்தின் வெளி விளிம்பில் Paths கருவியால் கோடு போடுங்கள். புள்ளிகள் குறைவாக இருக்கட்டும். வளையம் ஒரே வளைவு. கிளிப் குறுக்கிடும் இடத்தில் புள்ளி வைக்காமல், இரு பக்கமும் உள்ள வளைவு தானாகப் போய்ச் சேரும்படி இழுத்துவிடுங்கள். அங்கே புள்ளி வைத்தால் மோதிரம் நசுங்கியது போல ஒரு முடிச்சு விழும். பின்னணி எல்லாவற்றையும் நான்காவது படத்திலிருந்து கொண்டுவந்தால் கிளிப்பின் கம்பியும் நிழலும் ஒரே அடியில் போய்விடும்.

அடுத்து, கிளிப் மறைத்திருந்த தங்கத் துண்டு. மூன்றாவது படத்திலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி வந்து பொருத்துங்கள். வளையத்தில் நீளவாக்கில் ஓடும் வெளிச்சக் கோடு துண்டின் இரு முனையிலும் முறியாமல் சேர வேண்டும். விளிம்பு சேர்ந்து வெளிச்சக் கோடு சேரவில்லை என்றால் கண்ணுக்கு அது ஒட்டு என்று உடனே தெரியும். விளிம்பில் அரை பிக்சல் பிசகினால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

வளையத்தின் எதிர்ப்பக்கத்தை வெட்டி இடவலமாகத் திருப்பி ஒட்டும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். விளக்கு இரு பக்கமும் சமமாக இருந்தால் அது ஓரளவு ஒத்துவரும். ஆனால் அந்தத் துண்டில் ஹால்மார்க் இருந்தால் எழுத்தும் திரும்பிவிடும். நானே ஒரு மோதிரத்தில் 22K916 என்பதைக் கண்ணாடியில் பார்ப்பது போல வைத்து அனுப்பியிருக்கிறேன்.

வளையத்தின் உள்பக்கம் விழுந்த கிளிப்பின் பிம்பம் கொஞ்சம் ஏமாற்றும். உள்பக்கத்தில் கறுப்புக் கோடுகள் பல இருக்கும். அவற்றில் சில நாம் வைத்த கறுப்பு அட்டையால் வந்தவை, அவைதான் தங்கத்துக்கு உருட்சி கொடுக்கின்றன. முதல் படத்தையும் மூன்றாவது படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பாருங்கள். கிளிப்போடு சேர்ந்து நகரும் கோடு கிளிப்புடையது. நகராமல் நிற்பதை விட்டுவிடுங்கள். கிளிப்பின் கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் இரு பக்கத்து நிறத்தையும் எடுத்து, புதிய லேயரில் நிறச்சரிவாக நிரப்புங்கள். நிரப்பிய இடம் பிளாஸ்டிக் போல வழவழவென்று தெரிந்தால், சுற்றியுள்ள தங்கத்தில் இருக்கும் அளவுக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேர்த்தால் ஒத்துப்போகும்.

7. கல்

ஒரு மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். வட்டமான ஒற்றை அமெரிக்கன் டைமண்ட், ஆறு நகம், அடி திறந்தது. மூலப்படத்தில் கல்லுக்குள் ஏழு கறுப்புத் திட்டுகள் இருந்தன. ஒரே ஒரு கிளிப்தானே, ஏன் இத்தனை? அடிப்பட்டை ஒவ்வொன்றும் வேறு கோணத்தில் சாய்ந்திருப்பதால் ஒரே கம்பியை ஒவ்வொன்றும் வேறு இடத்தில் காட்டுகிறது. உடைந்த கண்ணாடியில் ஒரே முகம் பல துண்டில் தெரிவது மாதிரி.

ஏழில் எவை கிளிப்? மறுபடி Difference. அட்டை வைத்த படத்தோடு ஒப்பிட்டதில் நான்கு திட்டுகள் ஒளிர்ந்தன: கேமராவுக்கு அருகிலுள்ள விளிம்பில் மூன்று, மேல்தட்டின் ஓரத்தில் ஒன்று. மீதி மூன்றும் இரண்டு படத்திலும் அப்படியே கறுப்பாக நின்றன. அவை என் கறுப்பு அட்டையும் நகத்தின் பிம்பமும். அவற்றைத் தொட்டிருந்தால் பத்தரிடம் மறுபடி வாங்கிக்கட்டிக்கொண்டிருப்பேன்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்: அட்டை வைத்த படத்தின் கல்லையே முழுசாக எடுத்து ஒட்டிவிடலாமே என்று. செய்து பாருங்கள். கல் பால் ஊற்றிய கண்ணாடி மாதிரி வெளுத்துப்போகும். கறுப்பும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைத்தான் நம் கண் ஜொலிப்பு என்கிறது. கறுப்பு முழுவதும் போனால் ஜொலிப்பும் போய்விடும்.

ஆகவே நான்கு பட்டைகள் மட்டும். இரண்டாவது படத்தின் லேயர் முறையை Normal-க்குத் திருப்பி, Add Layer Mask-இல் Black (full transparency) கொடுங்கள், லேயர் முழுவதும் மறைந்துவிடும். 300 சதவீதம் பெரிதாக்கி, Free Select கருவியால் முதல் பட்டையின் மூலைகளில் மட்டும் சொடுக்கி அதன் வடிவத்தை அப்படியே தேர்ந்தெடுங்கள். பட்டையின் விளிம்பு கத்தி போல நேராக இருக்கும், எனவே Feather வேண்டாம். தேர்வுக்குள் மாஸ்க்கை வெள்ளையால் நிரப்புங்கள். கிளிப் மறைந்து, அந்தப் பட்டை அட்டை வைத்தபோது காட்டியதைக் காட்டும்.

பட்டையின் பாதியில் மட்டும் கிளிப் இருந்தாலும் முழுப் பட்டையையும் மாற்றுங்கள். பட்டைக்கு நடுவில் ஒட்டு விழுந்தால் அங்கே இல்லாத ஒரு விளிம்பு புதிதாக முளைத்துவிடும். பத்தர்கள் நாள் முழுவதும் பார்ப்பது பட்டை விளிம்பைத்தான்.

என் மோதிரத்தில் மூன்று பட்டைகள் அப்படியே பொருந்திவிட்டன. மேல்தட்டு ஓரத்தில் இருந்தது மட்டும் பக்கத்துப் பட்டைகளைவிடப் பளீரென்று வெளுத்து நின்றது. அட்டையில் விளக்கு நேராக விழுந்திருக்கிறது. அந்தப் பட்டைக்கு மட்டும் மாஸ்க்கை வெள்ளைக்குப் பதில் வெளிர் சாம்பலால் நிரப்பினேன், ஏறத்தாழ 70 சதவீதம் தெரியும்படி. அடியில் இருந்த இருட்டு கொஞ்சம் எட்டிப்பார்த்ததில் பட்டை தன் வரிசைக்குத் திரும்பியது. கிளிப் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு மங்கினால் போதும், முற்றிலும் போக வேண்டியதில்லை.

நிறக் கல்லில் ஒரு எச்சரிக்கை. மாணிக்கத்துக்கு அடியில் வெள்ளை அட்டை நீட்டினால் மாற்றிய பட்டைகள் மட்டும் ரோஜா நிறத்துக்கு வெளுக்கும். அதற்கு அட்டையை விளக்கு படாமல் நிழலில் வையுங்கள், அல்லது சாம்பல் அட்டை வையுங்கள். கணினியில் சிவப்பைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். கல்லின் நிறத்தைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் விலை பேசுகிறார், படத்தில் ஒரு நிறம் நேரில் ஒரு நிறம் என்றால் வம்பு கடைக்காரருக்கு. கல்லுக்குள் இருக்கும் இயற்கையான கீற்று, புள்ளி எதையும் அழிக்காததும் இதே காரணத்துக்காகத்தான். Difference-இல் ஒளிராத எதுவும் கிளிப் அல்ல, அதைத் தொடாதீர்கள்.

8. அனுப்பும் முன், கூலி பேசும் முன்

எல்லா லேயருக்கும் மேலே New from Visible கொடுத்து ஒரு நகல் லேயர் எடுத்து, அதை Curves கொண்டு மிகவும் இருட்டாக்கிப் பாருங்கள், வெள்ளைப் பின்னணியில் விட்டுப்போன கம்பியின் அடையாளம் சாம்பலாகத் தெரியும். பிறகு மிகவும் வெளிச்சமாக்கிப் பாருங்கள், தங்கத்தின் நிழல் பகுதியில் ஒட்டு தெரியும். பார்த்து முடிந்ததும் அந்த நகல் லேயரை அழித்துவிடுங்கள். அப்புறம் போனில் ஒரு முறை. கடைக்காரர் வாட்ஸ்அப்பில்தான் பார்க்கப்போகிறார், ஆனால் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்.

லேயர்களோடு XCF கோப்பை வைத்துக்கொள்ளுங்கள், கடைக்கு JPEG மட்டும் கொடுங்கள். “அந்தக் கறுப்பை வேண்டாம்னு சொன்னோமே, இப்ப வேணுமாம்” என்று பத்து நாள் கழித்து போன் வரும்.

இப்போது திறந்த அடியுள்ள ஒற்றைக் கல் மோதிரத்துக்குக் கணினியில் எனக்கு 40 நிமிடம் ஆகிறது, மூடிய அடி என்றால் 15 நிமிடம். சின்னச் சின்னக் கல் வரிசையாகப் பதித்த மோதிரம் ஒன்றரை மணி நேரம்வரை இழுக்கும். ஆகவே மோதிரத்துக்கு இவ்வளவு என்று ஒரே விலை பேசாதீர்கள். நான் இப்போது மூடியது, திறந்தது, கல் வரிசை என்று மூன்று விலை சொல்கிறேன். பேசும் முன் மோதிரங்களைத் திருப்பி அடியைப் பார்த்துவிடுகிறேன். 22 மோதிரத்துக்கு 150 வீதம் நான் வாங்கிய 3,300 ரூபாயில், மறுபடி எடுக்கப் போய் வந்த பஸ் செலவும் சாப்பாடும் போக நாள் கூலி கூட நிற்கவில்லை.

அட்சய திருதியைக்கு முன்பு வேலை வந்தால் குறைந்தது மூன்று வாரம் கேளுங்கள். அந்த நேரத்தில் கடைகளில் மோதிரம் விற்றுப்போய்விடும். மறுபடி ஒரு படம் எடுக்கலாம் என்று போனால் மோதிரம் ஏதோ ஒரு விரலில் இருக்கும்.